முதலாளி பங்கு கிடைக்காதவர்கள் ஓய்வூதியம் சேர்ப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

சொந்தத் தொழில் செய்பவர்களும் செயலி வழியாக வேலை எடுப்பவர்களும் ஓய்வூதியம் பற்றிப் பேச வந்தால், முதலில் கேட்பது "எந்தத் திட்டத்தில் போடலாம்?" என்றுதான். அது ஆறாவது படியில் வர வேண்டிய கேள்வி. அதை முதலிலேயே கேட்டுத் திட்டம் எடுத்தவர்களில் பலர் ஓராண்டுக்குள் கட்டுவதை நிறுத்தியிருக்கிறார்கள். திட்டம் நன்றாகவே இருந்திருக்கும். மாதா மாதம் கட்டப் பணம் எங்கிருந்து வரும் என்பதற்குத்தான் ஏற்பாடு இருந்திருக்காது.

சம்பளக்காரருக்குப் பணம் கைக்கு வரும் முன்பே பிடித்தம் நடந்துவிடுகிறது. நமக்கு அப்படிப் பிடிப்பதற்கு ஆள் இல்லை. அந்த ஆளின் வேலையை நாமே செய்யும் ஏற்பாடுதான் இந்த வழிகாட்டி. படிகளின் வரிசையை மாற்றாதீர்கள். ஒவ்வொன்றும் முந்தைய படியில் கிடைக்கும் எண்ணை வைத்தே நகர்கிறது.

## தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

கடந்த 12 மாத வங்கிக் கணக்கு அறிக்கை, கடைசியாகத் தாக்கல் செய்த வரிக் கணக்கு, தொழிலுக்கான செலவுகளின் பட்டியல், உங்கள் நாட்டின் சமூகப் பாதுகாப்புத் திட்டத்தில் உங்களுக்கு உள்ள எண், இவை போதும். 12 மாதம் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மூன்று மாதக் கணக்கை வைத்துத் திட்டமிட்டால் அது நல்ல பருவமா, மந்தமான பருவமா என்பதே தெரியாது.

ஒரே ஒருவரின் கணக்கை முழுவதும் பின்தொடர்வோம். வயது 34. சொந்த வண்டியில், செயலி வழியாக வாடகை ஓட்டுகிறார். செயலியின் தரகு போக அவர் கணக்கில் வந்த தொகை, மாத வரிசைப்படி ஆயிரங்களில்: 62, 58, 71, 40, 33, 65, 70, 74, 28, 55, 68, 76. மொத்தம் 7,00,000. எந்த நாட்டு நாணயம் என்று வைத்துக்கொண்டாலும் கணக்கு மாறாது.

## 1. கையில் நிற்பது எவ்வளவு என்று முதலில் பாருங்கள்

"வருஷத்துக்கு ஏழு லட்சம் சம்பாதிக்கிறேன்" என்று இந்த ஓட்டுநர் சொன்னால் அது வரவு. வருமானம் அல்ல. எரிபொருள் 1,90,000. பழுது, டயர், வண்டிக் காப்பீடு 45,000. கைபேசியும் இணையமும் 10,000. மீதி 4,55,000 என்று இங்கேயே கணக்கை முடித்துக்கொள்பவர்கள்தான் அதிகம்.

விட்டுப்போவது வண்டியின் தேய்மானம். சில ஆண்டுகளில் வண்டியை மாற்றியாக வேண்டும். அந்தப் பணம் இன்றைய ஓட்டத்திலிருந்துதான் வர வேண்டும். அதற்காக ஆண்டுக்கு 65,000 ஒதுக்கினால் நிற்பது 3,90,000. மாதத்துக்கு 32,500.

தேய்மானத்தை விட்டுவிட்டால் அது ஓய்வூதியத்தைத்தான் வந்து கடிக்கும். வண்டி மாற்றும் ஆண்டில் சேமிப்பை உடைக்க நேரிடும். உடைக்க முடியாத திட்டமாக இருந்தால் கடன் வாங்க வேண்டிவரும். மடிக்கணினியை நம்பி வேலை செய்பவர், தையல் இயந்திரத்தை நம்பி இருப்பவர், கேமராவை நம்பி இருப்பவர், எல்லாருக்கும் இது பொருந்தும்.

## 2. அரசிடம் ஏற்கெனவே என்ன பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள்

முதலாளி இல்லை என்பதால் அரசின் ஏற்பாட்டில் நமக்கு இடமே இல்லை என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். நாட்டுக்கு நாடு இது வெகுவாக மாறும்.

அமெரிக்காவில் சுயதொழில் செய்பவர் சமூகப் பாதுகாப்புக்கும் முதியோர் மருத்துவத்துக்குமாக 15.3 சதவீத சுயதொழில் வரி கட்டுகிறார். சம்பளக்காரருக்கு இதில் பாதியை முதலாளி கட்டிவிடுகிறார். இரண்டு பாதியும் நம் தலையில் விழுகிறது என்றாலும், அந்த வரியால் ஓய்வூதிய உரிமை சேர்ந்துகொண்டே போகிறது. பிரிட்டனின் புதிய அரசு ஓய்வூதியத்தில் எதுவும் கிடைக்கப் பொதுவாக 10 தகுதி ஆண்டுகளாவது, அதாவது தேசியக் காப்பீட்டுப் பங்களிப்பு பதிவான ஆண்டுகளாவது வேண்டும். முழுத் தொகைக்கு 35 ஆண்டுகள் அளவுக்கு வேண்டும். சிங்கப்பூரில் ஆண்டு நிகர வருமானம் 6,000 வெள்ளியைத் தாண்டிய சுயதொழிலாளர் மெடிசேவ் கட்டியாக வேண்டும். அது மத்திய சேமநிதியில் மருத்துவச் செலவுக்கான கணக்கு. மத்திய சேமநிதியின் ஓய்வுக்காலக் கணக்குகளில் பணம் போடுவது அவர்களின் விருப்பம். "சேமநிதி கட்டுகிறேனே" என்று நிம்மதியாக இருந்துவிட்டு, ஓய்வுக்காலக் கணக்கு காலியாகக் கிடப்பதைப் பிறகு பார்ப்பவர்கள் உண்டு.

இந்தியாவில் சுயதொழிலாளருக்குக் கட்டாயப் பங்களிப்பு எதுவும் இல்லை. அடல் ஓய்வூதியத் திட்டம், தேசிய ஓய்வூதியத் திட்டம் போன்றவற்றில் நாமாகத்தான் சேர வேண்டும். அடல் திட்டத்தில் சேர வயது 18 முதல் 40 வரை. வருமான வரி கட்டுபவர்கள் 2022 அக்டோபர் முதல் அதில் புதிதாகச் சேர முடியாது.

இந்தப் படியில் செய்ய வேண்டியது ஒன்றுதான். உங்கள் நாட்டின் அதிகாரப்பூர்வத் தளத்தில் உள்நுழைந்து, உங்கள் பெயரில் எத்தனை ஆண்டு அல்லது எவ்வளவு தொகை பதிவாகியிருக்கிறது என்று எடுத்து வையுங்கள். முன்பு எங்காவது சம்பளத்துக்கு இருந்திருந்தால் அந்தக் காலத்துப் பணமும் அதில் தெரிய வேண்டும். விடுபட்ட ஆண்டுகள் இருந்தால் அவற்றைக் காசு கட்டி நிரப்ப முடியுமா என்று பாருங்கள். பிரிட்டனில் பொதுவாகக் கடந்த 6 வரி ஆண்டுகளின் இடைவெளியை இப்படி நிரப்பலாம். சந்தையில் எந்தத் திட்டத்தில் போடுவதையும் விட இந்த இடைவெளியை அடைப்பது மலிவாக முடியலாம். அதனால்தான் இந்தப் படி இவ்வளவு முன்னால் வருகிறது.

இன்னொன்றும் உண்டு. வரியைக் குறைக்க வருமானத்தைக் குறைத்துக் காட்டுபவர்கள், பங்களிப்பை வைத்து உரிமை கணக்கிடும் நாடுகளில் தங்கள் ஓய்வூதியத்தையும் தாங்களே குறைத்துக்கொள்கிறார்கள். கணக்கில் வராத வருமானம் முதுமையிலும் கணக்கில் வராது.

## 3. பூட்டும் முன் கைப்பணம்

ஓய்வூதியக் கணக்குகள் பெரும்பாலும் பூட்டு போட்டவை. குறிப்பிட்ட வயதுக்கு முன் எடுக்க முடியாது. எடுத்தாலும் அபராதமோ வரியோ இருக்கும். சம்பளக்காரருக்குக் காய்ச்சல் வந்தால் விடுப்பு. நமக்குக் காய்ச்சல் வந்தால் அன்றைய வரவு இல்லை. அதனால் பூட்டும் முன் இரண்டு விஷயங்கள் வேண்டும்.

முதலாவது, எந்த நேரமும் எடுக்கக்கூடிய கணக்கில் மூன்று மாத வீட்டுச் செலவு. ஆறு மாதம் என்று புத்தகங்கள் சொல்லும். ஆறு மாதம் சேரும் வரை ஓய்வூதியத்தைத் தொடாமல் இருந்தால் சில ஆண்டுகள் வீணாகிவிடும் என்பதால் நான் மூன்றில் தொடங்கச் சொல்கிறேன். மீதியை இணையாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, உழைக்க முடியாமல் போனால் என்ன என்பதற்கு ஒரு பதில். மருத்துவக் காப்பீடு ஆஸ்பத்திரிக் கட்டணத்தைத் தரும். இழந்த வருமானத்தைத் தராது. விபத்திலோ நோயிலோ உழைக்கும் திறன் போனால் தொகை தரும் காப்பும், குடும்பம் உங்களை நம்பியிருந்தால் சேமிப்பு எதுவும் கலக்காத சாதாரண ஆயுள் காப்பும் தனியே வேண்டும். கைமுறிவால் மூன்று மாதம் வீட்டில் இருந்தவர் முதலில் உடைப்பது ஓய்வுக்காலச் சேமிப்பைத்தான்.

## 4. எத்தனை சதவீதம் என்று தீர்மானியுங்கள்

இங்கே எல்லாரும் செய்யும் பிழை, வேலையில் இருக்கும் நண்பரின் சதவீதத்தை அப்படியே எடுத்துக்கொள்வது. இந்தியாவில் வருங்கால வைப்பு நிதியில் இருப்பவர் "எனக்கு 12 சதவீதம் பிடிக்கிறார்கள்" என்பார். முதலாளியும் இன்னொரு 12 சதவீதம் போடுகிறார் என்பது அந்தப் பேச்சில் வராது. சிங்கப்பூரில் 55 வயது வரையிலான தொழிலாளி 20 சதவீதம் கட்டினால் முதலாளி 17 சதவீதம் கட்டுகிறார். நண்பரின் பாதியை மட்டும் நீங்கள் கட்டினால், அவருக்குக் கிடைப்பதிலும் பாதிதான் உங்களுக்கு.

நிகர வருமானத்தில் 15 சதவீதம் என்று தொடங்குவோம். நம் ஓட்டுநருக்கு 3,90,000-இல் 15 சதவீதம் 58,500. ஆனால் நிகர வருமானம் ஆண்டு முடிந்த பிறகுதான் சரியாகத் தெரியும். இன்று தெரிவது கணக்கில் விழுந்த தொகை மட்டும்தான். அதனால் சதவீதத்தை வரவின் மேல் மாற்றி எழுத வேண்டும். 58,500-ஐ 7,00,000-ஆல் வகுத்தால் 8.4 சதவீதம் வருகிறது. மேல்நோக்கி முழுதாக்கி 9 என்று வைத்துக்கொள்வோம். கணக்கில் 1,000 விழுந்தால் 90 ஓய்வுக்கு. மனதில் நிற்கும் எண்ணாக இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்த முழுதாக்கல். ஆண்டுக்கு 63,000 ஆகிறது.

இது எவ்வளவு தரும்? விலைவாசி உயர்வைக் கழித்த பிறகு 3 சதவீத வளர்ச்சி என்று வைத்து, 34 முதல் 60 வரை 26 ஆண்டுகள் கட்டினால் இன்றைய மதிப்பில் சுமார் 24.3 லட்சம் சேரும். ஆண்டுக்கு 4 சதவீதம் எடுத்துச் செலவு செய்தால் மாதம் 8,100. இப்போது அவர் கையில் நிற்பது 32,500. அதில் கால் பங்குதான்.

இந்த எண்ணைப் பார்த்ததும் பலர் முகம் சுருங்கும். ஆனால் மறைத்து வைப்பதில் பயனில்லை. அரசின் ஓய்வூதியம் எதுவும் இல்லாத நாட்டில் இது போதாது. அதே 63,000-ஐ 67 வயது வரை கட்டினால் 34.7 லட்சம் ஆகும். அதே 4 சதவீதத்தில் மாதம் 11,600. மாறாக, 44 வயதில்தான் தொடங்கினால் 60-இல் 12.7 லட்சம், மாதம் 4,200. பத்து ஆண்டு தள்ளிப்போட்டதில் ஏறக்குறைய பாதி போய்விட்டது.

ஆகவே 9 என்பது தொடக்கம். அடுத்த ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு ஒரு சதவீதம் கூட்டி 14-க்குக் கொண்டுபோக வேண்டும். முதல் நாளே 14 என்று தொடங்கச் சொல்வதில்லை. அப்படித் தொடங்கியவர்கள் முதல் மந்தமான மாதத்திலேயே மொத்தமாக நிறுத்திவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

## 5. இடைக்கணக்கு: இதுதான் அச்சாணி

வரவு ஒழுங்கற்றது. ஓய்வூதியத் திட்டமோ ஒழுங்கான தொகையை எதிர்பார்க்கிறது. இரண்டையும் நேரடியாகக் கட்டினால் இழுபறிதான். நடுவில் ஒரு கணக்கு வேண்டும். தொழில் வரவு விழும் கணக்கும் வீட்டுச் செலவுக் கணக்கும் போக, மூன்றாவதாக ஒரு சேமிப்புக் கணக்கைத் திறங்கள். அதற்குக் கடன் அட்டையோ பணம் எடுக்கும் அட்டையோ வாங்காதீர்கள். கைபேசிப் பணப் பரிமாற்றச் செயலிகளிலும் அதை இணைக்காதீர்கள். முடிந்தால் வேறு வங்கியில் திறங்கள். கண்ணில் படும் இருப்பு செலவாகிவிடும்.

வரிக்கான ஒதுக்கீட்டையும் இதே கணக்கில் போட்டுக் குழப்பாதீர்கள். வரி கட்டும் மாதத்தில் எது எந்தப் பணம் என்று தெரியாமல் ஓய்வுப் பணம் வரிக்குப் போய்விடும். அதற்கு இன்னொரு கணக்கு.

இடைக்கணக்கு இயங்கும் விதம் இது. வரவு விழும் அன்றே 9 சதவீதம் இடைக்கணக்குக்குப் போகிறது. வாரா வாரம் பணம் தரும் செயலியாக இருந்தால் வாரம் ஒருமுறை, அதே கிழமையில். வாடிக்கையாளர் தரும் தொகையாக இருந்தால் அது வந்து சேரும் அன்று. விலைப்பட்டியல் அனுப்பிய தேதியைக் கணக்கில் எடுக்காதீர்கள். அறுபது நாள் கழித்துத் தரும் வாடிக்கையாளருக்காக இன்று கையிலிருந்து போட்டால் கடன்பட நேரிடும்.

இடைக்கணக்கிலிருந்து ஓய்வூதியத் திட்டத்துக்கு மாதம் ஒரு நிலையான தொகை தானாகப் போகும். அந்தத் தொகையை எப்படி முடிவு செய்வது? ஆண்டுக்கு எதிர்பார்க்கும் 63,000-ஐ 12-ஆல் வகுத்தால் 5,250. அதை அப்படியே வைக்காதீர்கள். முக்கால் பங்கை எடுங்கள். சுமார் 4,000. மிச்சம் மெத்தை போல இடைக்கணக்கில் தங்கும்.

நம் ஓட்டுநரின் ஆண்டில் இது எப்படி ஓடியது என்று பார்ப்போம். முதல் மாதம் 62,000 வரவு. 5,580 உள்ளே, 4,000 வெளியே, இருப்பு 1,580. மூன்றாம் மாத முடிவில் இருப்பு 5,190. நான்காம், ஐந்தாம் மாதங்கள் மந்தம். வரவு 40,000-மும் 33,000-மும்தான். உள்ளே வந்தது 3,600, 2,970. வெளியே போனது வழக்கம்போல 4,000. இருப்பு 3,760-க்கு இறங்கியதே தவிர, ஒரு மாதமும் தவறவில்லை. ஆண்டிலேயே மோசமான ஒன்பதாம் மாதத்தில் 28,000-தான் வந்தது. அதற்குள் இருப்பு பத்தாயிரத்தைத் தாண்டியிருந்ததால் அந்த மாதம் அவருக்கு உறைக்கவே இல்லை. ஆண்டு முடிவில் திட்டத்துக்குப் போனது 48,000. இடைக்கணக்கில் நின்றது 15,000.

இதே ஓட்டுநர் நான்காம் மாதத்தில் தொடங்கியிருந்தால்? 3,600 உள்ளே வந்து 4,000 போக முயன்றிருக்கும். முதல் பிடித்தமே திரும்பியிருக்கும். வங்கி அதற்கு ஒரு கட்டணம் போட்டிருக்கும். "எனக்கு இதெல்லாம் சரிப்படாது" என்று ஆள் விலகிப்போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். அதனால் முதல் பிடித்தத்தை உடனே தொடங்க வேண்டாம். இரண்டு மாதத் தொகை, அதாவது 8,000 இடைக்கணக்கில் சேர்ந்த பிறகு தொடங்குங்கள்.

பிடித்தத் தேதியிலும் ஒரு சிறு கவனம் வேண்டும். சம்பளக்காரர்களைப் பார்த்து எல்லாரும் 1 அல்லது 5 என்று போடுகிறார்கள். உங்கள் வரவு பெரும்பாலும் எந்தத் தேதியில் விழுகிறது என்று வங்கி அறிக்கையில் பார்த்து, அதிலிருந்து மூன்று நான்கு நாள் தள்ளி வையுங்கள்.

## 6. எந்தத் திட்டத்தில் போடுவது

இப்போதுதான் அந்தக் கேள்விக்கு நேரம் வந்திருக்கிறது. இங்கும் வரிசை உண்டு. நீங்கள் போடுவதற்கு ஈடாக அரசு ஒரு பங்கு சேர்க்கும் திட்டம் இருந்தால் அதுதான் முதல். முதலாளி பங்குக்கு நமக்கு அருகில் வருவது அது ஒன்றே. அந்தப் பங்கு கிடைக்கும் உச்சவரம்பு வரை மட்டும் போடுங்கள். அடுத்தது வரிச்சலுகை உள்ள, பூட்டு போட்ட ஓய்வூதியக் கணக்கு. அதற்குப் பிறகு பூட்டு இல்லாத சாதாரண முதலீடு. வரியே கட்ட வேண்டாத அளவுக்கு வருமானம் குறைவாக இருப்பவருக்கு இரண்டாவதால் உடனடிப் பயன் இல்லை. அவர் முதலாவதிலிருந்து நேரே மூன்றாவதுக்குப் போகலாம். ஆனால் பூட்டு இல்லாத இடத்தில் தன் கையை நம்ப முடியுமா என்று அவரே கேட்டுக்கொள்ள வேண்டும்.

எந்தத் திட்டமானாலும் விற்பவரிடம் கேட்க வேண்டியவை சில. ஒரு மாதம் கட்டத் தவறினால் என்ன ஆகும்? ஆண்டுக்குக் குறைந்தபட்சம் எவ்வளவு கட்ட வேண்டும்? எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு எவ்வளவு கட்டணம் கழிகிறது? மூன்றாம் ஆண்டில் நிறுத்தினால் கையில் எவ்வளவு வரும்? கடைசிக் கேள்விக்குப் பதிலை எழுத்தில் கேளுங்கள். வாய்ச்சொல்லாக வந்தால் "நிறுத்த மாட்டீங்க சார்" என்று முடித்துவிடுவார்கள்.

ஒழுங்கற்ற வருமானம் உள்ளவருக்கு மிக ஆபத்தானது, காப்பீட்டையும் சேமிப்பையும் சேர்த்துக் கட்டிய நீண்டகாலப் பாலிசி. தவணை தவறினால் பாலிசி காலாவதியாகும். முதல் சில ஆண்டுகளில் விட்டால் கட்டியதில் பெரும்பகுதி போய்விடும். தவறாமல் கட்டக்கூடியவருக்கே அது சுமாரான பொருள். நமக்கு அது பொறி.

கட்டணத்தை ஏன் இவ்வளவு அழுத்திக் கேட்கச் சொல்கிறேன்? ஓட்டுநரின் கணக்கில் 3 சதவீத வளர்ச்சியிலிருந்து 1.5 சதவீதம் கட்டணமாகப் போனால், 60 வயதில் 24.3 லட்சத்துக்குப் பதில் 19.9 லட்சம்தான் வரும். வித்தியாசம் அவர் ஏழு ஆண்டுகள் கட்டிய தொகைக்குச் சமம். மாத அறிக்கையில் இது கண்ணுக்கே தெரியாது.

"என் கடைதான் என் ஓய்வூதியம்", "வண்டியை விற்றால் போச்சு" என்பதையும் அடிக்கடி கேட்கிறேன். நீங்கள் இல்லாமலும் ஓடும் தொழில் என்றால் சரி. உங்கள் உழைப்பு நின்றதும் நின்றுவிடும் தொழிலுக்கு விலை கொடுக்க யாரும் வர மாட்டார்கள்.

## 7. வரி ஆண்டு முடியும் முன் ஒரு நாள்

வரி ஆண்டு முடிவதற்கு ஒரு மாதம் முன்பாக ஒரு நாளை ஒதுக்குங்கள். கடைசி வாரம் வேண்டாம். பணம் போய்ச் சேர்ந்த தேதிதான் பல திட்டங்களில் கணக்கு. அனுப்பிய தேதியைச் சொல்லிப் பயனில்லை.

அன்று செய்ய வேண்டியது இது. இடைக்கணக்கில் மூன்று மாதத் தொகையை, அதாவது 12,000-ஐ விட்டுவிட்டு மீதியைத் திட்டத்தில் போடுங்கள். ஓட்டுநருக்கு 15,000-இல் 3,000 மட்டும் போகிறது. முதல் ஆண்டில் மெத்தையை நிரப்புவதுதான் முக்கியம். அடுத்த ஆண்டிலிருந்து உபரி முழுவதும் போகும்.

போடும் முன் வரிச்சலுகையின் உச்சவரம்பைப் பாருங்கள். பல நாடுகளில் அது அந்த ஆண்டின் வருமானத்தில் ஒரு சதவீதமாக இருக்கிறது. தொழில் படுத்த ஆண்டில் வரம்பும் சேர்ந்து சுருங்கும். வரம்புக்கு மேல் பூட்டிய கணக்கில் போட்டால் சலுகையும் இல்லை, கைக்கும் வராது.

அதே நாளில் நிகர வருமானத்தை மறுபடி கணக்கிட்டு, அடுத்த ஆண்டுக்கான சதவீதத்தை ஒன்று கூட்டுங்கள். அரசுத் தளத்தில் இந்த ஆண்டின் பதிவு ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். செயலி நிறுவனங்களும் பங்களிக்க வேண்டும் என்று சில நாடுகளில் சட்டம் வந்திருக்கிறது. சிங்கப்பூரில் 2025 ஜனவரி முதல் அது நடைமுறையில் உள்ளது. இந்தியாவின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அதற்கு இடம் இருக்கிறது. உங்களுக்கு அது பொருந்தினால் உங்கள் எண்ணோடு இணைந்திருக்கிறதா என்று சரிபாருங்கள். இணையாத பணம் உங்கள் பெயருக்கு வராது.

## 8. வரவு வறண்டுபோனால்

மூன்று மாதம் தொடர்ந்து வரவு பாதிக்குக் கீழே போனால் என்ன செய்வது என்பதை இப்போதே எழுதி வையுங்கள். நெருக்கடியில் எடுக்கும் முடிவு பெரும்பாலும் "எல்லாவற்றையும் நிறுத்து" என்பதாகவே இருக்கும்.

சதவீதத்தை மாற்றாதீர்கள். வரவு குறைந்தால் 9 சதவீதமும் தானே குறைந்துவிடும். சதவீதத்தின் அழகே அதுதான். குறைக்க வேண்டியது மாதப் பிடித்தத்தை. இடைக்கணக்கின் இருப்பு ஒரு மாதத் தொகைக்குக் கீழே இறங்கினால், பிடித்தத்தைத் திட்டத்தின் குறைந்தபட்ச அளவுக்கு இறக்குங்கள். கணக்கு முடங்காமல் இருந்தால் போதும். முடங்கிய கணக்கை மறுபடி உயிர்ப்பிக்கப் படிவமும் அபராதமும் அலைச்சலும் ஆகும்.

பூட்டிய பணத்திலிருந்து முன்கூட்டி எடுக்க வழி இருந்தாலும் அது கடைசி வழியாகவே இருக்கட்டும். முதலில் இடைக்கணக்கு, அடுத்தது மூன்று மாதக் கைப்பணம், அதன் பிறகே பூட்டிய பணம். எடுக்கும் முன் அபராதம் எவ்வளவு, வரி எவ்வளவு, மறுபடி அந்த இடத்தை நிரப்ப அனுமதி உண்டா என்று மூன்றையும் கேளுங்கள். சில திட்டங்களில் ஒருமுறை எடுத்தால் அந்த ஆண்டின் வரம்பு திரும்பக் கிடைக்காது.

## 9. எடுக்கத் தொடங்கும் முன் ஐந்து ஆண்டுகள்

சம்பளக்காரருக்கு ஓய்வுத் தேதி ஒன்று உண்டு. நமக்கு இல்லை. வேலை மெல்ல மெல்லக் குறையும். இதில் ஒரு வசதி இருக்கிறது. 60-இல் பாதி ஓட்டம் ஓடி மாதம் 12,000 வந்தாலும், சேமிப்பைத் தொடாமல் சில ஆண்டுகள் தள்ளலாம். முன்பு பார்த்த 67 வயதுக் கணக்கில் 63,000-ஐ முழுமையாகக் கட்ட முடியாவிட்டாலும், எடுக்காமல் இருந்தாலே தொகையில் பெரும் வித்தியாசம் தெரியும்.

எடுப்பதற்கு ஐந்து ஆண்டு முன்பிருந்தே, முதல் மூன்று ஆண்டுச் செலவுக்கான பணத்தை ஏற்ற இறக்கம் இல்லாத இடத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிவிடுங்கள். சந்தை விழுந்த ஆண்டில் விற்று எடுத்தால், பிறகு சந்தை எழும்போது அந்தப் பங்குகள் உங்களிடம் இருக்காது. தொடக்க ஆண்டுகளில் இது நடந்தால் மொத்தக் கணக்குமே சீக்கிரம் தீர்ந்துவிடும்.

உணவு, வாடகை, மருந்து ஆகிய மூன்றின் செலவைத் தனியே கூட்டிப் பாருங்கள். அரசின் ஓய்வூதியம் அதைத் தாங்கவில்லை என்றால், குறையும் அளவுக்கு மட்டும் ஆயுள் முழுவதும் மாதா மாதம் வரும் ஆண்டுத்தொகையை வாங்கலாம். வாங்கும்போது அது விலைவாசிக்கு ஏற்ப உயருமா, உங்களுக்குப் பிறகு துணைவருக்குத் தொடருமா என்று பாருங்கள். இரண்டும் இருந்தால் தொடக்கத் தொகை குறையும். துணைவருக்கு வேறு வருமானம் இல்லை என்றால் அந்தக் குறைவை ஏற்றுக்கொள்வதே சரி.

கடைசியாக ஆவண வேலை. இடைக்கணக்கு, திட்டம், காப்பீடு எல்லாவற்றிலும் வாரிசு நியமனம் செய்திருக்கிறீர்களா? திருமணம், பிரிவு, பிறப்பு, இறப்பு ஒவ்வொன்றுக்குப் பிறகும் அதைப் புதுப்பிக்க வேண்டும். சம்பளக்காரர் இறந்தால் அலுவலகத்தில் யாராவது ஒருவர் குடும்பத்துக்குத் தொலைபேசியில் சொல்வார், இன்ன பணம் இருக்கிறது என்று. நம் வீட்டுக்கு அப்படிச் சொல்ல யாரும் இல்லை. எந்த நிறுவனத்தில், எந்த எண்ணில், எவ்வளவு இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி, வீட்டில் உள்ள ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை ஏழாம் படியைச் செய்யும் நாளில் அந்தத் தாளையும் திருத்துங்கள்.